"கொஞ்சம் நல்லா பண்ணிக் குடுங்கண்ணா"

(இளம் ஒளிப்படக் கலைஞர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் வாட்ஸ்அப்புக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து படங்களாவது வரும். படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "அண்ணா, கொஞ்சம் நல்லா பண்ணிக் குடுங்க." எதை நல்லா பண்ண வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. சொல்லாமலே நமக்குப் புரியும் என்று நினைக்கிறார்கள். நமக்கும் புரிந்துவிடுகிறது. அந்தப் புரிதலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் தொழில் கற்ற ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் F2 பட்டனை அழுத்தினால் போதும். போட்டோஷாப்பில் முதலாளி ஒரு 'ஆக்‌ஷன்' பதிவு செய்து வைத்திருந்தார். முகம் இரண்டு நிறம் வெளுக்கும், தோல் வழவழப்பாகும், உதடு லேசாகச் சிவக்கும். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு முந்நூறு பிள்ளைகளைப் படம் எடுத்து வந்தால், முந்நூறு முறை F2. யாரும் கேட்டதில்லை, யாரையும் நாங்களும் கேட்டதில்லை.

ஒருமுறை அக்கா தங்கை இருவர் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தார்கள். அக்கா கறுப்பு, தங்கை மாநிறம். இருவருக்கும் F2 அடித்தேன். இரண்டு முகமும் கிட்டத்தட்ட ஒரே நிறத்துக்கு வந்து நின்றன. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் தனியாக வந்தாள். கையில் குடும்பப் படம் ஒன்று. "இதுலயும் அதே மாதிரி பண்ணிடுங்கண்ணா. இல்லேன்னா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றாள்.

முந்தின நாள்வரை அந்தக் குடும்பப் படத்தில் அவளுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்கவில்லை. குறையைக் காட்டிக் கொடுத்தது நான். அதற்குப் பிறகும் சில வருடம் F2 அடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்கு இருந்தேன். சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகுதான் நிறுத்த முடிந்தது.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்பதை, சமீபத்தில் வந்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். அனுப்பியவர் செவிலியர். பெயர் வேண்டாம். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, வீட்டு ஜன்னலுக்கு முன்னால் நின்று, தம்பி போனில் எடுத்த படம். கீழே அதே வரி.

நான் முதலில் கேட்பது, படம் எங்கே போகப்போகிறது என்பதைத்தான். பாஸ்போர்ட்டுக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன். அந்தப் படத்தில் மென்பொருளால் முகத்தைத் திருத்தக் கூடாது என்பது விதி. திருப்தி இல்லையென்றால் வேறு படம்தான் எடுக்க வேண்டும். இவர், புதிதாகச் சேர்ந்த மருத்துவமனையின் இணையதளத்தில் போடுவதற்கு என்றார். சரி, அதைப் பார்த்துவிட்டு வருகிற நோயாளி இவரை நேரில் அடையாளம் காண வேண்டும். எதுவரை திருத்தலாம் என்பதற்கு அதுவே ஒரு எல்லை.

படத்தில் முகம் இருட்டாக இருந்தது. இங்கேதான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். இருட்டாக இருந்தது அவர் நிறத்தாலா, கேமராவாலா? கேமராவின் ஒளி அளக்கும் கருவி, தன் முன்னால் உள்ள காட்சி மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு ஒளியைத் தீர்மானிக்கிறது. பின்னால் வெளிச்சமான ஜன்னல், உடம்பில் வெள்ளைக் கோட்டு. அது உடனே ஒளியைக் குறைத்துவிடும். பாதிக்கப்படுவது முகம். மாநிறமோ கறுப்போ உள்ளவர் என்றால் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற அளவுக்குப் போய்விடும். எடுக்கும்போதே போன் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இந்த ஓரவஞ்சனை புதிதல்ல. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் கலர் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்துவிட்டால் மெஷின் சரி என்று அர்த்தம். கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்களைச் சரியாகக் காட்டும்படி ஃபிலிம் திருத்தப்பட்டதற்கு ஒரு காரணம், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் செய்த புகார் என்கிறார் அவர். மனிதர்களின் தோல் சரியாக வராததற்கு வராத கவலை, நாற்காலிக்கு வந்திருக்கிறது.

ஆகவே, கேமரா பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது நியாயமான திருத்தம். அதைத் தாண்டி ஒரு இழை போனாலும் அது வெளுப்பாக்குவது. எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? நான் அந்தச் சகோதரியிடம் ஒரு உதவி கேட்டேன். காலையில் வாசற்படி நிழலில் உட்கார்ந்து, தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, பியூட்டி மோட் இல்லாமல் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதையே பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நைட்டியும் தூக்கிச் செருகிய கொண்டையுமாக இருந்த படம் அது. அது எனக்கு மட்டுமான சாட்சி.

முதலில் அந்தச் சாட்சிப் படத்தில், வெள்ளைத் தாளின் மேல் கர்சரை வைத்து இன்ஃபோ பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் ஏறக்குறைய சமமாக வரும்படி செய்தேன். வெள்ளை வெள்ளையாக இருந்தால்தான் மற்ற நிறங்களை நம்பலாம். அதன்பின் அவர் கன்னத்தைப் பார்த்தால் சிவப்பு 140, பச்சை 100, நீலம் 78 என்று காட்டியது. ஜன்னல் படத்தில் அதே கன்னம் 62, 47, 32. உள்ளே எரிந்த டியூப் லைட்டால் கோட்டு வேறு பச்சை அடித்திருந்தது. கோட்டை வைத்துப் பச்சையை எடுத்தேன். பிறகு கர்வ்ஸில் முகத்தை ஏற்றிக்கொண்டே போனேன். 135-ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். முகத்தோடு கழுத்தையும் காதையும் கையையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். திருமண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள், முகம் ஒரு ஊரிலும் காது ஒரு ஊரிலும் இருக்கும். வெளுப்பாக்கிய படத்தைக் கண்டுபிடிக்க அது ஒன்று போதும்.

இன்னொரு அடையாளம், மினுமினுப்பு. கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன்மேல் விழுந்து திரும்பும் ஒளிதான். கன்ன எலும்பின் மேலும் மூக்குத்தண்டிலும் அந்தக் கீற்று இருக்கும். எண்ணெய் வழிகிறது என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டால் முகம் சப்பையாகி, சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். நெற்றியில் இருந்த வியர்வைப் பளபளப்பை மட்டும் பாதியாகக் குறைத்தேன். மற்றதைத் தொடவில்லை.

பரு, கலைந்த முடி, கோட்டில் ஒட்டியிருந்த நூல் இவற்றுக்கெல்லாம் நான் வைத்திருக்கும் கேள்வி: இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இது இருக்குமா? இருக்காது என்றால் ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்துவிடுவேன். மச்சம் இருக்கும். அதனால் அதுவும் இருக்கட்டும். கண்ணுக்குக் கீழ் கருவளையம் இருந்தது. நைட் டியூட்டி முடித்து வந்து எடுத்த படமாம். அதைத் தனி லேயரில் முழுக்க எடுத்துவிட்டு, லேயரின் அடர்த்தியை 40 சதவீதத்துக்குக் குறைத்தேன். நன்றாகத் தூங்கி எழுந்தவர் போல இருந்தார். முழுக்க எடுத்திருந்தால் பொம்மைக் கண்.

மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. தம்பி மிக அருகில் நின்று எடுத்திருக்கிறான். கேமராவுக்கு எது பக்கமோ அது பெருக்கும். லிக்விஃபை வைத்து மூக்கை அமுக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. ஒருவருக்கு அளவு தப்பாமல் செய்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த முறை ஐந்தடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. தழும்பை நானாகத் தொடமாட்டேன், கேட்பேன். "எடுத்துடுங்கண்ணா" என்றார். எடுத்துவிட்டேன்.

இங்கே ஒரு தோழர் என்னை மடக்கலாம். தழும்பை எடுக்கச் சொன்னால் எடுக்கிறாய், நிறத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கொள்கை பேசுகிறாயா? அவர் முகம், அவர் விருப்பம், நடுவில் நீ யார்? நியாயமான கேள்விதான். இதில் ஒரு முரண் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சகோதரி தழும்பைப் பெயர் சொல்லிக் கேட்டார். நிறத்தை அவர் கேட்கவேயில்லை. "நல்லா" என்ற சொல்லுக்கு வெளுப்பு என்று பொருள் எழுதிக்கொண்டது ஸ்டுடியோக்காரர்களான நாம்.

சரி, கேட்டாலோ? கேட்டார்கள். அவர் இல்லை, அவர் அம்மா. படத்தை அனுப்பிய அன்று மாலையே போன் வந்தது. "தம்பி, படம் நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் கலர் குடுத்தீங்கன்னா ஜாதகத்தோடயும் குடுத்துடலாம்." நம் ஊரில் கலர் என்றால் ஒரே கலர்தான். கறுப்பு எல்லாச் சாதியிலும் இருக்கிறது. ஆனாலும் ஒரு கறுத்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் "அவங்க என்ன ஆளுங்க" என்று விசாரிக்கத் தொடங்கும் கண்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அந்த அம்மா அந்தக் கண்களுக்குப் பயந்துதான் கேட்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? நம் கூட்டங்களுக்கு அடிக்கும் பேனர்களைப் பாருங்கள். அதில் நாமே ஒரு நிறம் கூடித்தான் நிற்கிறோம்.

நான் அவரிடம் கொள்கை பேசவில்லை. "அம்மா, வெளுப்பாப் பண்ணி அனுப்புனா, பாக்க வர்றவங்க வாசல்ல நின்னு பாப்பாவையும் போட்டோவையும் மாத்தி மாத்திப் பாப்பாங்க. அந்தப் பார்வைய தாங்கப்போறது பாப்பாதானே" என்றேன். இது வெறும் பேச்சல்ல. அப்படி நடந்த பிறகு, நான் வேலைபார்த்த அந்தப் பழைய ஸ்டுடியோவுக்கு வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போன ஒரு தகப்பனாரைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்தாலும் ஒரு பொடி கூட்டுங்க தம்பி" என்றார். முடியாதும்மா என்றேன். வாசற்படிப் படத்தையும் முடித்த படத்தையும் அருகருகே வைத்து மகளுக்கு அனுப்பினேன். இரண்டிலும் ஒரே ஆள்தான் இருக்கிறார், சரியா என்று கேட்டேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. ராத்திரி ஜிபேயில் 150 ரூபாய் வந்தது.

ஜாதகத்தோடு எந்தப் படம் போனது என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு ஸ்டுடியோ இருக்கிறது.