பேர் வெட்டாத டம்ளர்

குடும்பத்தில் சொல்லப்படாதவற்றை எழுதுவது குறித்து
(பொத்தேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தம் தாயாரின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். ஒரு தாயை நினைவுகூரும் மேடையில், ஒரு வீட்டில் யாரும் வாய் திறக்காத சங்கதியைப் பேசலாமா என்று தயங்கினேன். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "எங்க வீட்லயும் இருக்கு. பேசுங்கம்மா." அந்தத் தைரியத்தில் தொடங்குகிறேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டில் இருந்தது. அப்பா சீசன் டிக்கெட்டில் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தார். வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்திலும் பேர் வெட்டியிருக்கும். தாத்தாவின் சொம்பு, பாட்டியின் கூஜா, அம்மாவின் சீர்வரிசைத் தவலை, எனக்குக் காது குத்தியபோது வந்த கிண்ணம் என்று ஒன்றும் தப்பவில்லை. ஒரு டம்ளரில் மட்டும் பேர் இல்லை. அது அத்தையுடையது, அப்பாவின் தங்கை. கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். அந்த டம்ளர் சமையற்கட்டுக்குள் வராது. கிணற்றடிச் சுவரின் மேல் கவிழ்ந்திருக்கும். பாட்டி தினமும் அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

மௌனத்தை எழுதப் புகுந்த எனக்கு முதலில் பிடிபட்டது இதுதான். மௌனம் என்பது வெறும் பேச்சின்மை இல்லை, அது ஒரு வேலை. யாரோ வெந்நீர் போடவேண்டும், யாரோ பேச்சை மாற்றவேண்டும், யாரோ செய்தித்தாளை விரிக்கவேண்டும். சொல்லாமல் விட்டதை நம்மால் எழுத முடியாது, அது நமக்குத் தெரியாது. சொல்லாமல் இருப்பதற்காக வீட்டார் செய்ததை எழுத முடியும், அது நம் கண்முன் நடந்தது.

ஸ்டேஷன் பேரில் ஒரு நோய்

செய்தித்தாளை விரித்தவர் அப்பா. 1971 வாக்கில், எனக்குப் பத்து வயதில், லீவு நாட்களில் என்னைச் சென்னைக்கு அழைத்துப் போவார். வழியில் வரும் ஸ்டேஷன்களின் பேரை அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்லவேண்டும். பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம். தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் வரும்போது அப்பா பேப்பரை விரித்துவிடுவார். குரோம்பேட்டையில்தான் பேப்பர் மடியும். நடுவில் விட்டுப்போன பேர் சானடோரியம்.

இன்று இங்கே வரும் வழியில் எதிர் சீட்டுப் பையன் போனில், "சானடோரியம் தாண்டிட்டேன் மச்சி" என்றான். அவனுக்கு அது வழியில் வரும் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். அந்தச் சொல்லின் பொருள் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம் என்பது. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பேர்பெற்ற டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் அதை இங்கே நிறுவினார். கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தில் சில காலம் இருந்தது இவர் நடத்திய சானடோரியத்தில்தான். தாம்பரத்தில் அவர் தொடங்கியதை 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. அன்றைக்கு நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, படுக்கை, சத்துள்ள உணவு, இவைதான் சிகிச்சை. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, மாதக்கணக்கில் இருக்கவேண்டும்.

இதில் குடும்பத்துக்கு ஒரு வசதி இருந்தது. நோயாளி கண்மறைவாகப் போய்விட்டால் அக்கம்பக்கத்துக்கு ஒரே வாக்கியம் போதும்: "ஊருக்குப் போயிருக்கா." பொய்தான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. வீட்டுக்கு வெளியே ஏதோ ஓர் ஊரில்தானே இருக்கிறாள்?

பிறகு மருந்து வந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், 1952இல் ஐசோனியசிட். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. மருந்து இருக்கும்போது நோயாளியை ஊருக்கு வெளியே வைக்கத்தான் வேண்டுமா? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓராண்டு சிகிச்சை, மறு பிரிவுக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே அதே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்களா என்று முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. இரண்டு இடத்திலும் குணமானவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இந்த மருத்துவ வரலாற்றை நான் சொல்வது, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டு மௌனம் எனக்கு விளங்கியது என்பதால். அத்தை 1953இல் அந்தச் சானடோரியத்துக்குப் போய், பதினோரு மாதத்தில் குணமாகித் திரும்பினாள். ஆள் வெளியே இருந்தவரை மௌனத்துக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. ஆள் வீட்டுக்குள் வந்ததும் மௌனமும் வீட்டுக்குள் வந்தது. அதற்குத் தனி டம்ளர், தனிச் சுவர், வெந்நீர் எல்லாம் வேண்டியிருந்தது. காசம் இருமலில் காற்றோடு பரவுவது, டம்ளரால் தொற்றுவதில்லை. குணமாகி, சளியில் கிருமி இல்லாமல் போனவளின் டம்ளருக்குப் பாட்டி சாகும்வரை வெந்நீர் ஊற்றினாள்.

எப்படிக் கேட்பது

அத்தை 1996இல் இறந்தாள். அதற்குப் பின் அம்மாவிடம் மூன்று முறை கேட்டேன். "அத்தைக்கு என்னம்மா?" "ஒண்ணுமில்ல, ஒல்லி உடம்பு." அடுத்த முறை, "ஏன் கல்யாணம் ஆகல?" "ஜாதகம் சரியில்ல." மூன்றாம் முறை, "எதையோ மறைக்கறீங்க." அம்மா எழுந்து போய்விட்டாள்.

மூன்று கேள்வியும் தப்பு. மூன்றும் ரகசியத்தைக் கேட்டன. காவலிருப்பவரிடம் போய்ச் சாவி கேட்டால் கொடுப்பாரா? நாலாம் முறை, 2004இல், நான் ரகசியத்தைக் கேட்கவில்லை. பழைய பாத்திரம் போடப்போகும்போது, "இந்த டம்ளரை எங்கம்மா வாங்கினீங்க?" என்றேன்.

"அது இங்க வாங்கினதில்ல. சானடோரியத்துல அவ வெச்சிருந்தது" என்றாள் அம்மா. புளியை ஆய்ந்துகொண்டே சொன்னாள். சொன்னது என்ன என்று அவளே உணரவில்லை. "பேர் ஏன் வெட்டல?" "அங்க போற சாமானுக்குப் பேர் எதுக்குன்னு உங்க பாட்டி சொன்னாங்களாம்."

ஆகவே நான் கற்றுக்கொண்டது, பொருளைக் கேட்கவேண்டும் என்பது. யார் சமைத்தார்கள், எந்தப் பாயில் படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கே போனார், என்ன கட்டிக்கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். பதில் வந்த பிறகு அடுத்த கேள்வியைப் போடாமல் கொஞ்ச நேரம் கூடவே புளி ஆயவேண்டும்.

அன்று இன்னொன்றும் தெரிந்தது. 1958இல் மருமகளாக வந்த அம்மாவிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டி வெந்நீர் ஊற்றுவதைப் பார்த்து, நாத்தனார் ஏதோ வேண்டுதலில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பாட்டி படுக்கையில் கிடந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நானோ அத்தைக்குப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். ஒரே டம்ளர் பாட்டிக்குப் பயம், அம்மாவுக்கு விரதம், எனக்குப் பிடிவாதம். இதை எழுதும்போது மூன்றையும் அப்படியே வைக்கவேண்டும். பின்னால் தெரிந்த உண்மையை முன்னால் கொண்டுபோய் வைத்தால், பத்து வயதுப் பெண் எல்லாம் தெரிந்தவளாகிவிடுவாள். அங்கே மௌனம் செத்துவிடும்.

எழுதும்போது சறுக்குமிடம்

முதல் சறுக்கல், தெரியாததை நாடகமாக நிரப்புவது. அத்தை தனி அறையில் அழுதாள் என்று முதல் படியில் எழுதியிருந்தேன். நான் பார்த்ததில்லை. அவள் ரேடியோ கேட்டதையும் கத்தரிக்காய் வாங்குவதில் கெட்டிக்காரி என்பதையும்தான் பார்த்தேன். அந்த வரியை அடித்தேன். தெரிந்தது, ஊகித்தது, தெரியாதது மூன்றையும் வாசகர் பிரித்தறிய முடியவேண்டும். "அம்மா சொன்னாள்", "இப்படி இருந்திருக்கலாம்", "தெரியவில்லை" என்ற எளிய சொற்களே அதற்குப் போதும்.

இரண்டாவது சறுக்கல், நம்முடைய எல்லாக் குணத்துக்கும் அந்த மௌனத்தின் மேல் பழி போடுவது. நான் யார் வீட்டிலும் டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்பேன். அதற்குக் காரணம் அத்தையின் டம்ளர் என்று அழகாக ஒரு பத்தி எழுதினேன். பிறகு யோசித்தேன், செங்கல்பட்டில் பாதிப்பேர் அண்ணாந்துதான் குடிக்கிறார்கள். அந்த மௌனம் இல்லாத வீட்டிலும் அதே பழக்கம் இருந்தால், அது மௌனத்தின் தடம் இல்லை. பத்தியை எடுத்துவிட்டேன்.

நிஜமான தடம் வேறோர் இடத்தில் அகப்பட்டது. என் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது அலுவலகத்தில் லீவு கேட்டேன். ஒளிக்க எதுவும் இல்லை, சாதாரணக் குடலிறக்கம்தான். ஆனாலும் என் வாயில் வந்தது, "ஊருக்குப் போகணும் சார்." எங்களுக்குப் போக ஊரே இல்லை. ஐம்பது வருடம் முன்பு பாட்டி அக்கம்பக்கத்தில் சொன்ன வாக்கியம், யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் வாயில் வந்து நின்றது. தடம் இப்படி இருக்கும். குணமாக அல்ல, சொல்லுக்குச் சொல் அப்படியே.

மூன்றாவதைச் சறுக்கல் என்பதா தெரியவில்லை. இந்த ஒரு மணி நேரத்தில் அத்தையின் பேரை நான் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். இங்கே வருவதற்கு முன் தம்பியிடம் கேட்டேன். அவன் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?" என்றான். எழுபது வருடத்துக்கு முன் குணமான நோய்க்கு இன்னும் வரன் பயப்படும் என்று அவன் நினைக்கிறான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையை வைத்து என் கட்டுரைக்கு நேர்மை தேட எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்த உரை சிறுநூலாக வரும்போதும் அந்தப் பேர் இருக்காது. டம்ளர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பேர் வெட்டக் கடைக்கு எடுத்துப்போய், வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். பாட்டியைக் குறைசொல்ல எனக்கு இனி வாய் இல்லை.