கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் தலைச்சாயம்

நரையை மறைக்கும் நிரந்தரச் சாயத்தில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை. ஒன்று நிறம் தருவது. கருப்புச் சாயங்களில் பெரும்பாலும் இது பாரா-ஃபினைலின்-டை-அமைன். சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். மற்றது ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டும் கலந்ததும் முடியிழைக்குள்ளேயே நிறம் உருவாகி அங்கேயே தங்கிவிடுகிறது. கர்ப்பிணி டை அடிக்கலாமா என்ற கேள்விக்கு விடை, பிபிடி தலைத்தோல் வழியாக இரத்தத்தில் எவ்வளவு கலக்கிறது என்பதில் இருக்கிறது. தோலில் புண்ணோ வெடிப்போ இல்லாதவரை, பூசியதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே உள்ளே போகிறது. எப்போதாவது டை அடிப்பதால் கருவுக்குத் தீங்கு நேரும் என்பதற்கு இதுவரை தெளிவான சான்று இல்லை.

அப்படியிருந்தும் முதல் 12 வாரம் பொறுத்திருக்கும்படி மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள். குழந்தையின் உறுப்புகள் உருவாவது அந்த நாள்களில்தான். மசக்கையும் அப்போதுதான் கடுமையாக இருக்கும். அம்மோனியா வாடையே குமட்டலைக் கிளப்பிவிடும். இது ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே. நாள் தள்ளிப்போனது தெரியாமல் டை அடித்துவிட்ட பெண் அதை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. அதற்காகத் தனிப் பரிசோதனையும் தேவைப்படாது.

கருவுக்கு நேரும் ஆபத்தைவிட, தாய்க்கு வரக்கூடிய ஒவ்வாமையே அதிகம் கவனிக்க வேண்டியது. பிபிடி தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பெயர்பெற்றது. பல ஆண்டு ஒத்துக்கொண்ட சாயமே ஒருநாள் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கர்ப்ப காலத்தில் தோலின் இயல்பும் மாறுகிறது. அலர்ஜி வந்தால் மருந்தையும் யோசித்துத்தான் தர வேண்டியிருக்கும்.

ஏழாம் மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மாலையே சாயத்தில் துளியளவு எடுத்து, பாக்கெட்டில் சொன்னபடி காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்க வேண்டும். எதிர்வினை உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும். 48 மணி நேரம் கடந்து வெள்ளி மாலையிலும் அரிப்போ சிவப்போ தடிப்போ இல்லையென்றால் சனிக்கிழமை பூசலாம். நெற்றியோரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்வது நல்லது. நரை வேரில் மட்டும் இருந்தால் அங்கே மட்டும் பூசினால் போதும். நன்றாகப் பிடிக்கட்டும் என்று பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் விடக்கூடாது. பிறகு தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலச வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் இமையோ முகமோ வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டை பயமாக இருக்கிறது என்று மருதாணிக்கு மாறுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மருதாணி இலையின் நிறம் செம்மஞ்சள். எவ்வளவு நேரம் ஊறினாலும் அது கருப்பாகாது. கருப்பு வேண்டுமென்றால் மருதாணி போட்டு அலசிய பின் அவுரிப் பொடியைப் பூச வேண்டும், இதற்கு மணிக்கணக்காகும். ‘கருப்பு மருதாணி’ என்ற பெயரில் வரும் பொடி அரை மணியில் அடர் கருப்பைத் தருகிறதென்றால், அதில் பிபிடி கலந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். அம்மோனியா இல்லை என்ற விளம்பரமும் வாடை குறைவு என்பதை மட்டுமே காட்டும். பிபிடி அதிலும் இருக்கலாம். பாக்கெட்டின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலைப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொள்ள முடியும். இலைப்பொடியானாலும் முன்சோதனை தேவை. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குடும்பங்களில் கைக்குழந்தைக்கு மருதாணி பூசவே கூடாது. அது குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

பாலூட்டும் தாயின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: டை அடித்தபின் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டுமா? வேண்டாம். இரத்தத்தில் கலப்பதே மிகக் குறைவு என்பதால், பாலில் கவலைப்படும் அளவுக்குச் சேர வாய்ப்பில்லை. முடியை அலசி, கையையும் கழுவி, சாயம் மார்பில் சொட்டியிருந்தால் அதையும் துடைத்துக் கழுவிவிட்டு உடனே பால் கொடுக்கலாம். சாயம் தலையில் ஊறும்போது குழந்தையை இன்னொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். ஈர முடியைப் பிடித்து இழுத்து வாயில் வைப்பது குழந்தைகளின் வழக்கம். பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் கொத்தாக முடி கொட்டுவதற்குச் சாயம் காரணமல்ல. பிள்ளை பெற்றபின் ஹார்மோன் குறைவதால் வருவது அது, தானே சரியாகும்.

வீட்டில் தவழும் குழந்தையோ நடை பழகும் மூத்த பிள்ளையோ இருந்தால் மிச்சச் சாயத்தைக் கிண்ணத்தில் விட்டுவைக்கக் கூடாது. தோலில் பட்டுச் சிறிதளவே உள்ளே போகும் பிபிடி, விழுங்கினால் கடும் விஷம். கழுத்தும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைபடும். தசை சிதையும், சிறுநீரகமும் செயலிழக்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. வாய்க்குள் போனதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தியெடுக்க வைக்க முயலாமல், பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.