நான்கு காட்சிகளும் ஒரு கடிகாரமும்

பெங்களூரில் மெஜஸ்டிக் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே முன்னாளில் இருந்த திரையரங்கு ஒன்றின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. படம் பார்க்கும் வழக்கம் அத்துணை ஆழமாக வேரூன்றிய நகரம் அது. அந்நகரில் ஒரே திரையும் நானூறு இருக்கைகளும் உடைய சிறிய அரங்கம் ஒன்றை நாம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அதன் ஒரு நாளை எவ்வாறு பங்கிடுவது?

காலைக் காட்சியிலிருந்து கணக்கைத் தொடங்குவதே பலரும் செய்வது. ஆனால் தொடங்க வேண்டிய இடம் மாலைக் காட்சி. அலுவலகம் விட்டு, நெரிசலைக் கடந்து வருவோருக்கு ஏற்ற நேரம் அது ஒன்றே. அதை ஆறு மணி என்று முதலில் நிறுத்திவிட்டு, முன்னும் பின்னுமாக எண்ண வேண்டும்.

2024 டிசம்பரில் வெளிவந்த ‘புஷ்பா 2’ என்னும் படம் ஏறத்தாழ 200 நிமிடம் ஓடுவது. இடைவேளைக்குப் பதினைந்து, விளம்பரங்களுக்குப் பத்து என்று சேர்த்தால் 225 நிமிடம் ஆகிறது. ஆறு மணிக்குத் தொடங்கிய காட்சி 9.45க்கு முடியும். அதன்பின் அரங்கம் காலியாக எட்டு நிமிடம், நான்கு பேர் கூட்டித் துடைக்கப் பத்து, அடுத்த கூட்டம் அமர ஏழு. ஆக 25 நிமிடம் வேண்டும். இரவுக் காட்சி 10.10க்குத் தொடங்கி, 1.55க்கு முடிகிறது. வழக்கமான நாள்களில் அதற்கு வெகுநேரம் முன்னரே மெட்ரோ இரயில் ஓய்ந்துவிடும். பின்னோக்கி எண்ணினால், பகற்காட்சி 1.50, காலைக் காட்சி 9.40 என்று அமைகின்றன. விடியலில் இன்னொரு காட்சி சேர்க்கலாமே என்றால், அதற்கும் வரம்பு உண்டு. அப்படத்துக்குக் காலை 6.30க்கு முன் அறிவிக்கப்பட்ட காட்சிகளைப் பெங்களூர் மாவட்ட நிர்வாகம் தடுத்தது.

இந்நிலையில் நம் கை முதலில் நீளுவது அந்த 25 நிமிடத்தின் மீதுதான். அதைப் பத்தாகக் குறைத்தால் இரவுக் காட்சி 9.55க்கே தொடங்குமே என்று தோன்றும். ஆனால் கூட்டம் வெளியேறுவதற்கே எட்டு நிமிடம் ஆகிறது. எஞ்சிய இரண்டு நிமிடத்தில் நானூறு இருக்கைகளுக்கிடையே யாரும் கூட்ட முடியாது. வெளியேறுவோரும் உள்ளே வருவோரும் ஒரே படிக்கட்டில் முட்டிக்கொள்வர். குறைத்த நேரம் துப்புரவுப் பணியாளர் தலையில் விழுமேயன்றி, உண்மையில் மிச்சமாவதில்லை. கழிப்பறையை மட்டும் இடைவேளைக் கூட்டம் அடங்கியதும், படம் ஓடும்போதே கழுவிவிடலாம். அந்த வேலையைக் காட்சிகளுக்கு இடையில் வைக்கத் தேவையில்லை.

இடைவெளி போதுமா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு காட்சியும் எத்தனை நிமிடம் தாமதமாகத் தொடங்கியது என்று ஒரு நோட்டில் குறித்து வருவோம். நான்கு காட்சிகளும் ஐந்தைந்து நிமிடமே தாமதித்தால், குறை காலையில் கதவு திறந்ததில் இருக்கிறது. தாமதம் ஐந்து, பத்து, பதினெட்டு என்று வளர்ந்தால், குறை இடைவெளியில் இருக்கிறது.

அப்படியாயின் நீண்ட படம் வரும்போது என்ன செய்வது? நான்கு காட்சிகளையும் அதற்கே கொடுக்காமல், இரண்டு மணி நேரப் படம் ஒன்றைப் பகற்காட்சியில் வைக்கலாம். இடைவேளையும் விளம்பரமும் சேர்ந்து அது 145 நிமிடம். மூன்று மணிக்குத் தொடங்கினால் 5.25க்கு முடிந்து, மாலைக் கூட்டத்துக்கு முன் 35 நிமிடம் கிடைக்கும். காலைக் காட்சியும் பத்தரைக்குத் தள்ளி நிம்மதியாகத் தொடங்கும். இரவுக் காட்சி நள்ளிரவைக் கடப்பதை மட்டும் இது தீர்க்காது. வேலை நாள்களில் அந்தக் காட்சியை விட்டுவிடுவதா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே நாம் ஒரு பிழையைச் செய்யக் கூடாது. கன்னடமோ தமிழோ, பெரிய நட்சத்திரம் இல்லாத சிறு படமே பெரும்பாலும் இந்தப் பகல் நேரத்தைப் பெறுகிறது. வாரநாளில் அதற்கு 130 பேர் வந்தார்கள் என்று கொள்வோம். மாலையில் பெரிய படத்துக்கு 370 பேர் வருகிறார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, மூன்றாம் நாளே சிறு படத்தை எடுத்துவிடுவது எளிது. ஆனால் அதே பெரிய படம் முந்தைய வாரம் வாரநாள் பகற்காட்சியில் 150 பேரையே ஈர்த்திருந்தால், அந்த 130 தோல்வியன்று. ஒரு காட்சியை அதே நேரத்துக் காட்சியோடுதான் ஒப்பிட வேண்டும். ஆறு மணியின் கூட்டத்தை அளவுகோலாக்கி மூன்று மணிப் படத்தை அளந்தால், நாம் அளந்தது படத்தை அன்று, கடிகாரத்தையே.