கதையைச் சொல்லாமல் கதை சொல்ல

தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' நாவலைப் படித்த மேலப்பாளையத்துத் தங்கச்சி ஒருத்தி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு வரி எழுதி என்னிடம் காட்டினாள். இரண்டாவது வரியிலேயே முடிவு வந்துவிட்டது. "அதை எடுத்துரும்மா" என்றேன்.

பிறகு எதைச் சொல்வது? தொடக்க நிலைமையைச் சொல்லலாம். தென்பத்தன் கிராமம், நொடித்துப்போன பெரிய வீடு. வீட்டுக்காரர் முஸ்தபா கண்ணு நாற்காலியை விட்டு எழாமல் பழம்பெருமை பேசுகிறார். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அடுத்து எது போகும், யார் தடுப்பார்கள் என்பதெல்லாம் படிப்பவருக்கு உரியது.

குறையையும் மறைக்கக் கூடாது. மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த கடலோரப் பேச்சு. நமக்கே சில இடங்களில் தட்டும். முன்னோர் கதை குறுக்கிடும்போது காலம் குழம்பும். பெண்கள் படும் அடி மனதைக் கனக்க வைக்கும். அதை முன்கூட்டியே சொல்வதுதான் நியாயம்.

தங்கச்சி கடைசியாகச் சேர்த்த வரி: "மெதுவாப் படிங்க, அந்த வீட்டுப் பொம்பளைங்களைக் கவனிங்க."

1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.