"மாசம் ₹999 மட்டும்": ஒரு யோகா போஸ்டரைத் திருத்தி எழுதிய கதை

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு போஸ்டரைப் பத்தித்தான். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சென்னையில யோகா ஸ்டூடியோ நடத்துறாங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடற போஸ்டர் இது:

"7 நாள் யோகா வெறும் ₹1! அப்புறம் மாசம் ₹999 மட்டும்*! இன்னைக்கே சேருங்க!"

அந்த நட்சத்திரக் குறிக்குப் பதில், அடியில எறும்பு சைஸ்ல: "நிபந்தனைகளுக்கு உட்பட்டது." அவ்வளவுதான்.

அக்கா என்னைக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. "தம்பி, ஒரு ரூபாய் கட்டி வர்றவங்க ரெண்டாவது வாரம் ரிசப்ஷன்ல வந்து சண்டை போடறாங்க. கூகுள்ல ஒரு ஸ்டார் குடுத்துட்டுப் போறாங்க. பேமென்ட் பேஜ்ல ஏதாவது பக் இருக்கா பாரேன்"னாங்க. பக் எதுவும் இல்லை. சிஸ்டம் எழுதி வெச்சபடியே ஓடுது. என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு போஸ்டர்தான் சொல்லலை.

முதல்ல பணத்தைப் பார்ப்போம். ஒரு ரூபாய் கட்டும்போதே யுபிஐ ஆட்டோபே மேண்டேட் ஒண்ணுக்கு பின் போட வைக்கிறாங்க. எட்டாவது நாள் எடுக்கப்போறது 999 இல்லை, ஒரு வருஷத்துக்கான மொத்தப் பணம். 999 பெருக்கல் 12, அதாவது ₹11,988. அதுக்கு மேல 5 சதவீதம் ஜிஎஸ்டி. பைசாவை விட்டுட்டா ₹12,587. அதை 12 ஆல் வகுத்தா மாசத்துக்கு ₹1,049 வருது. ஆக, போஸ்டர்ல இருக்கிற 999 என்கிற தொகையை அந்த ஸ்டூடியோவில யாருமே, எந்த மாசமும் கட்டுறதில்லை.

அடுத்து ட்ரையல். இதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமா இருந்தது. நிபந்தனைகள் பக்கத்துல நாலாவது பாராவில ஒரு வரி: வேண்டாம்னா ட்ரையல் முடிய 48 மணி நேரம் முன்னாடியே சொல்லிடணும். வகுப்பு திங்கள், புதன், வெள்ளி. ஒருத்தர் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ரூபாய் கட்டுறார்னு வெச்சுக்குங்க. அன்னைக்கே முதல் நாள் கணக்கு ஆரம்பம். ஞாயிறு லீவு. திங்கள் ஒரு வகுப்பு, புதன் ஒரு வகுப்பு. ட்ரையல் முடியறது வெள்ளி ராத்திரி. 48 மணி நேரம் பின்னாடி போனா, புதன் ராத்திரியே கெடு முடிஞ்சது. ஏழு நாள்னு சொன்னது உண்மையில அஞ்சு நாள், ரெண்டு வகுப்பு. முதல் வகுப்புல பாதி நேரம் மேட் எங்கே இருக்குன்னு தேடறதுலயே போயிடும்.

இன்னொரு முடிச்சும் இருக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோ டெபிட்டுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். இங்கே அது வெள்ளிக்கிழமை வருது. அதைப் பார்த்துட்டு "ஐயோ, வேண்டாம்"னு போன் பண்ணினா, "கெடு புதனே முடிஞ்சதே மேடம்"னு பதில். ரிசப்ஷன் சண்டை இங்கேதான் ஆரம்பிக்குது. யுபிஐ ஆப்ல மேண்டேட்டை நீங்களே ரத்து பண்ணலாம், அது உங்க உரிமை. ஆனா ஸ்டூடியோ அதுக்கப்புறமும் "நீங்க மெம்பர், பணம் பாக்கி"ன்னு மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருக்கும்.

அக்கா கெட்டவங்க இல்லை. அந்த 48 மணி நேர வரி வேற எங்கேயோ இருந்து காப்பி ஆனது, அவங்களே படிச்சதில்லை. ஆனா வருஷப் பணம் மொத்தமா வர்றதை வெச்சுத்தான் இட வாடகை ஓடுது. "எல்லாத்தையும் போட்டா யாரு தம்பி சேருவா?"ன்னு நேராவே கேட்டாங்க. நியாயமான பயம்தான். ஒரு ரூபாய் கட்டறவங்க எண்ணிக்கை குறையும்னு நானும் ஒத்துக்கிட்டேன். குறையப்போறவங்க யாருன்னு பார்த்தா, ரெண்டாவது வாரம் சண்டைக்கு வர்ற அதே ஆளுங்க.

சட்டமும் இருக்கு. 2022ல வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்படி, பெரிய எழுத்துல சொன்னதை அடிக்குறிப்பு மறுக்கக்கூடாது. அதே மொழியில, அதே எழுத்துருவுல, கண்ணுல படற இடத்துல இருக்கணும். 2023 நவம்பர்ல வந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல் 13 தந்திரங்களைப் பட்டியல் போடுது. அதுல ஒண்ணு சந்தாப் பொறி. இலவச சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்தறதும் அதுக்குள்ள வருது. "இது இலவசம் இல்லையே, ஒரு ரூபாய்"னு அக்கா சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு எழுத உட்கார்ந்தோம்.

கடைசியா வந்த போஸ்டர் இது:

"3 யோகா வகுப்பு ₹1.
அதுக்கப்புறம் ஒரு வருஷக் கட்டணம் ₹12,587, ஜிஎஸ்டி சேர்த்து. மூணாவது வகுப்புக்கு மறுநாள் ஆட்டோபேயில் எடுப்போம்.
வேண்டாமா? மூணாவது வகுப்பு அன்னைக்கு ராத்திரி 9 மணிக்குள் இதே நம்பருக்கு 'வேண்டாம்' என்று அனுப்புங்கள்.
வருஷம் முடிந்ததும் மறுபடி இதே தொகை. 15 நாள் முன்னாடி நினைவூட்டுவோம்."

ஏன் நாளுக்குப் பதில் வகுப்பு? நாள்னு வெச்சா லீவு நாளும் ட்ரையலைத் தின்னும். யார் எந்தக் கிழமை சேர்ந்தாலும் மூணு வகுப்புன்னா மூணு வகுப்பு. போஸ்டர்ல தேதி போட முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். அதனால பணம் கட்டற பக்கம் தேதியைக் கணக்குப் போட்டு, பட்டனுக்கு மேலேயே காட்டுது: "இன்று ₹1. வெள்ளி ராத்திரி 9 மணிக்குள் நிறுத்தலாம். சனிக்கிழமை ₹12,587." 9 மணின்னு வெச்சதுக்குக் காரணம், வெள்ளிக்கிழமை முன்னறிவிப்பு வந்த பிறகும் நிறுத்த நேரம் இருக்கணும். அதுக்காக அறிவிப்பை வெள்ளி காலையிலேயே போற மாதிரி செட் பண்ணினோம். "மாசம் ₹1,049 ஆகுது"ன்னு ஒரு வரி சேர்க்கணும்னு அக்கா கேட்டாங்க. வருஷத் தொகைக்குக் கீழே, அதைவிடச் சின்னதா இருந்தா சரின்னு விட்டேன்.

போஸ்டர் சரியானதோட வேலை முடியலை. பழைய மேண்டேட்டை என் போன்ல திறந்து பார்த்தேன். Up to ₹15,000, As presented. அதாவது 15,000 வரைக்கும், அவங்க எப்ப கேட்டாலும். மேண்டேட் ஒருமுறை போட்டுட்டா, 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு டெபிட்டுக்கும் பின் கேட்காது. அடுத்த வருஷம் கட்டணத்தை ஏத்தினா, ₹2,413 வரைக்கும் உங்க பின் இல்லாமலேயே கூடுதலா எடுக்க முடியும். போஸ்டர் "இதே தொகை"ன்னு சொல்லுது, மேண்டேட் வேற சொல்லுது. இதை மாத்தி, சரியா ₹12,587, வருஷத்துக்கு ஒரு தடவைன்னு போட்டோம். ஒரு ரூபாயைத் தனிப் பேமென்ட்டா பிரிச்சாச்சு. இனி கட்டணம் ஏறினா புது மேண்டேட், புது பின்.

போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணினோம். யோகா பக்கமே வராத நாலு பேர்கிட்ட பழைய போஸ்டரைப் பத்து செகண்ட் காட்டி, மூணு கேள்வி கேட்டோம். இன்னைக்கு எவ்வளவு? அடுத்து எப்போ, எவ்வளவு? நிறுத்தணும்னா எதுவரைக்கும்? முதல் கேள்விக்கு நாலு பேரும் சரி. ரெண்டாவதுக்கு நாலு பேரும் 999. மூணாவதுக்கு, "அதெல்லாம் போட்டிருக்கா?" புதுசைக் காட்டினப்போ தொகையை நாலு பேரும் சரியா சொன்னாங்க. கெடுவை மூணு பேர் சொன்னாங்க. நாலாவது ஆள் அக்காவோட மாமனார். "பன்னெண்டாயிரமா? மொட்டை மாடியில நானே பண்ணிக்கிறேன்"னுட்டு எழுந்து போயிட்டார்.

நீங்க ஏற்கனவே ஏதாவது ஒரு ஜிம்முல இப்படிச் சேர்ந்திருந்தா, உங்க யுபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்தத் தொகைக்கு முன்னாடி Up to இருக்கான்னு மட்டும் பாருங்க. அடுத்த வாரம் வேற ஒரு எபிசோட்ல பேசலாம்.