பாட்டியை 'நீ' என்று அழைக்கும் செயலி

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுப்பாடச் சந்தேகங்களுக்குத் தமிழில் பதில் சொல்லும் சாட்பாட் செயலிகளை நம் மாணவர்களும் பெற்றோர்களும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பதில்களில் கணக்கு சரியா, அறிவியல் சரியா என்று நாம் பார்க்கிறோம். ஒரு தமிழாசிரியராக நான் வேறொன்றைப் பார்த்து வருகிறேன். அந்தச் செயலி எதிரில் இருப்பவரை எப்படி விளித்துப் பேசுகிறது என்பதே அது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு பாட்டி இப்படித் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பேரன் 4ஆம் வகுப்பு. வாய்ப்பாடு சொல்லச் சொன்னா அழறான். நீ ஒரு வழி சொல்லு." செயலியின் பதில் இப்படி வருகிறது: "கவலைப்படாதே! நீங்கள் தினமும் பத்து நிமிடம் பயிற்சி செய். உன் பேரன் விரைவில் கற்றுக்கொள்வார்."

கருத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படிக்கும் பாட்டிக்கு முகம் சுருங்கும். 'கவலைப்படாதே' என்று ஒருமையில் தொடங்கி, 'நீங்கள்' என்று உயர்ந்து, 'செய்' என்று மறுபடி இறங்கி, 'உன்' என்கிறது. ஒன்பது வயதுப் பேரனுக்கு மட்டும் 'கற்றுக்கொள்வார்' என்று மரியாதை கிடைக்கிறது. பாட்டிக்கு இல்லாத மரியாதை பேரனுக்கு!

இது ஏன் நடக்கிறது? இந்தச் செயலிகள் படித்துப் பழகிய எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான்; பாட்டிக்கும் அதுவே, பேரனுக்கும் அதுவே. தமிழில் மரியாதை ஒரு சொல்லில் மட்டும் இருப்பதில்லை. பெயரில் 'நீங்கள்' என்றால், வேற்றுமை ஏற்கும்போது 'உங்கள், உங்களுக்கு' என்று வர வேண்டும். வினைமுற்றில் 'செய்தீர்கள்', ஏவலில் 'செய்யுங்கள்' என்று வர வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் வாக்கியம் நிற்கும். ஆகவே ஒரு பதிலைச் சோதிக்க, இந்த மூன்று இடங்களையும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். நீளமான பதிலின் கடைசி வாக்கியங்களில்தான் ஏவல் வினை ஒருமைக்கு நழுவியிருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. பாட்டி செயலியை 'நீ' என்றார். செயலியும் அதே 'நீ'யைத் திருப்பிக் கொடுத்தது. எதிரில் இருப்பவரின் நடையைப் பின்பற்றிப் பேசும் பழக்கம் இச்செயலிகளுக்கு உண்டு. தமிழில் அது பொருந்தாது. நம் வகுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மாணவனை 'நீ' என்கிறோம். அவன் திருப்பி நம்மை 'நீ' என்பதில்லை. ஆகவே பயனாளர் 'நீ' என்று அழைப்பதை, அவரைத் திருப்பி 'நீ' என்று அழைக்கக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, வயதை எப்படி அறிவது? 'நான் 7ஆம் வகுப்பு படிக்கிறேன்' என்று தன்னைப் பற்றிச் சொன்னால் தெளிவு. வெறுமனே '4ஆம் வகுப்பு' என்ற சொல் வந்ததாலேயே எழுதியவர் குழந்தை என்று முடிவு செய்யக் கூடாது. பேரனைப் பற்றிப் பேசும் பாட்டியும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மகள் கேட்கிறாள், எட்டு மணிக்கு அப்பா கேட்கிறார். பழைய உரையாடலை நினைவில் வைத்திருக்கும் செயலி அப்பாவையும் 'நீ' என்றே தொடரும்.

இதில் என் கருத்து உறுதியானது. யாரென்று தெரியாதவரை 'நீங்கள்' என்றே தொடங்க வேண்டும். சிறுவனை 'நீங்கள்' என்றால் கொஞ்சம் விலகல் தோன்றும், அவ்வளவுதான். பெரியவரை 'நீ' என்றால் அவர் அடுத்த கேள்வியே கேட்க மாட்டார். இந்த இரண்டு தவறுகளும் ஒரே எடை உடையவை அல்ல.

'தம்பி', 'பாப்பா', 'அக்கா' என்று உறவுமுறை சொல்லி அழைத்தால் நெருக்கமாக இருக்குமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் 'வந்தேன்', 'படிக்கிறேன்' என்னும் தன்மை வினைகள் ஆண்பால் பெண்பால் காட்டுவதில்லை. இந்தியில் பல இடங்களில் வினையே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தமிழில் எழுதியவர் ஆணா பெண்ணா என்று வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. 'தம்பி' என்று செயலி அழைக்கும்போது வயது, பால் என்று இரண்டை ஊகிக்கிறது. ஊகம் தவறினால் நெருக்கம் கேலியாகிவிடும்.

அப்படியானால் தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு என்ன செய்வது? விடை நம் பாடநூலிலேயே இருக்கிறது. 'கோடிட்ட இடங்களை நிரப்புக', 'விடையளிக்க' என்று நாம் அன்றாடம் பார்க்கிறோமே, அந்த வியங்கோள் வினைமுற்று ஒருமை பன்மைக்கும் மூவிடத்துக்கும் பொதுவானது. பயிற்சிக் கேள்விகளுக்கு அது போதும். விளக்கம் சொல்லும்போது, 'இப்போது இரண்டு எண்களையும் கூட்டுவோம்' என்று தன்மைப் பன்மையில் எழுதலாம். சிறுவனுக்கும் பொருந்தும், உடன் அமர்ந்திருக்கும் தாத்தாவுக்கும் பொருந்தும்.

ஒருவரையே பன்மையால் சுட்டுவது இலக்கணத்துக்குப் பொருந்துமா என்று கேட்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு சொல். அது வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியமே தனியாகப் பிரித்துச் சொல்கிறது. மரியாதைப் பன்மை நேற்று வந்ததல்ல.

இனிப் பாட்டிக்கு வந்திருக்க வேண்டிய பதிலை எழுதிப் பார்ப்போம். "உங்கள் பேரனுக்கு முதலில் 2ஆம் வாய்ப்பாடு மட்டும் போதும். புளியங்கொட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிப் பழகிய பிறகு வாய்ப்பாட்டைச் சொல்ல வையுங்கள். அழுதால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்." பேரனை 'அவன்' என்றும் சொல்லவில்லை, 'அவர்' என்றும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'பேரன்' என்ற பெயரை ஒருமுறை சொன்னதே போதுமானதாக இருக்கிறது. பேசப்படும் மூன்றாமவர் சிறு குழந்தை என்றால் 'குழந்தை' என்ற சொல்லும் உதவும். மருத்துவரோ தலைமையாசிரியரோ என்றால் 'அவர்' என்பது ஆண் பெண் இருவருக்கும் மரியாதையாகப் பொருந்தும்.

கடினமான இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. 8ஆம் வகுப்பு மாணவி தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறாள். இங்கே ஒரே பதிலில் மூன்று உறவுகள் உள்ளன. மாணவியிடம் செயலி பேசுவது ஒன்று; கடிதத்தில் மாணவி தலைமையாசிரியரிடம் பேசுவது இன்னொன்று; கடிதத்துக்குள் அப்பாவைப் பற்றிச் சொல்வது மற்றொன்று. 'விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற நடை கடிதத்துக்குள் இருக்க வேண்டும். 'என் தந்தைக்கு உடல்நலம் இல்லாததால் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது' என்பதில் 'அவரை' வர வேண்டும். கடிதம் முடிந்ததும் மாணவியிடம், 'தேதியையும் வகுப்பையும் நிரப்பிக்கொள்ளுங்கள்' என்று இயல்பான நடைக்குத் திரும்ப வேண்டும். பல செயலிகள் இங்கேதான் தடுமாறும். கடிதத்தின் பணிவு வெளியே வழிந்து, மாணவியிடமே 'தாங்கள்' என்று பேசத் தொடங்கிவிடும்.

உங்கள் பள்ளியில் இத்தகைய செயலியை அமைப்பவர்கள் இருந்தால், அதற்குத் தரும் அறிவுறுத்தலில் 'மரியாதையாகப் பேசு' என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. நான் பரிந்துரைப்பது இது: "பயனாளரை எப்போதும் 'நீங்கள்' என்று அழை. 'உங்கள்', '-ஈர்கள்', '-உங்கள்' வடிவங்களை அதனோடு சேர்த்தே பயன்படுத்து. பயனாளர் 'நீ' என்றாலும் மாற்றாதே. உறவுமுறைச் சொல்லால் அழைக்காதே. பயனாளருக்காக எழுதும் கடிதத்தில், பெறுபவருக்கு உரிய மரியாதையைத் தனியாகத் தீர்மானி." பிறகு பாட்டியின் கேள்வியையும் விடுப்புக் கடிதத்தையும் கொடுத்து, ஐந்தாறு முறை தொடர்ந்து உரையாடிப் பாருங்கள். முதல் பதிலை மட்டும் பார்த்து நிறுத்திவிட வேண்டாம்; நழுவல் பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் பதிலில்தான் தெரியும்.