மங்கலான கோடும் வராத கோடும்
(தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. போன மாதம் நம்முடைய வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்ததே, அதைப் பற்றிப் பேசுகிறோம். பார்மசியில் வாங்குகிற, கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப்பின் படம். அனுப்பிய தங்கச்சியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இங்கே சொல்கிறோம். யாரென்று தெரிந்தவர்கள் தெரியாதது போலவே இருங்கள்.

படத்தில் 'C' என்ற எழுத்துக்கு நேரே ஒரு நல்ல கோடு. 'T' க்கு நேரே இருந்தும் இல்லாதது போல ஒரு நிழல். அதைப் பார்த்து ஒரு அக்கா வாழ்த்து அனுப்பினார். இன்னொருவர் இல்லவே இல்லை என்றார். குழுவை நடத்துகிற நாங்களும் சும்மா இருக்கவில்லை. "இது காய்ந்த கோடு, முழுகாமல் இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். படித்தவர்கள் என்ற நினைப்பு எங்களுக்கு!

நடந்தது இதுதான். அந்தத் தங்கச்சிக்கு மாதம் 4 நாள் தள்ளிப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை விடிய ஐந்து மணிக்கு ஸ்ட்ரிப்பை நனைத்து ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறார். அதற்குள் பிள்ளை எழுந்து அழ, அடுப்பைப் பார்க்க, பெரட்டுக்கு ஓட, ஸ்ட்ரிப் மறந்து போயிற்று. பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்தபோது கண்டு, காம்பராவின் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் படம் பிடித்து அனுப்பினார். நனைத்ததற்கும் படத்துக்கும் நடுவில் ஏழு மணித்தியாலம். அதை அவரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த ஏழு மணித்தியாலம் ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறோம். பிள்ளை தரித்தால் உடம்பில் எச்.சி.ஜி. என்ற ஒரு ஹோர்மோன் ஊறி, சிறுநீரில் இறங்குகிறது. ஸ்ட்ரிப்பின் அடியில் சாயம் ஏற்றிய ஒரு பொருள் இருக்கிறது. சிறுநீர் மேலே ஏறும்போது அந்தச் சாயம் ஹோர்மோனைப் பிடித்துக்கொண்டு போய் 'T' இடத்தில் தங்குகிறது. அதுதான் கோடு. ஹோர்மோன் கொஞ்சமாக இருந்தால் கொஞ்சச் சாயம்தான் தங்கும், கோடு மங்கலாக இருக்கும். ஆகவே பெட்டியில் சொன்ன நேரத்துக்குள், அநேகமாக 3 முதல் 5 நிமிடத்துக்குள், 'C' கோட்டின் நிறத்திலேயே 'T' யிலும் கோடு வந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அதை "இருக்கிறது" என்றே எடுக்க வேண்டும்.

10 நிமிடம் தாண்டினால் கதை வேறு. சிறுநீர் காயும்போது 'T' இருக்கிற இடத்தில் நிறமில்லாத, சாம்பல் மாதிரியான ஒரு கோடு படிவதுண்டு. அதற்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமில்லை. சாம்பலா, இளஞ்சிவப்பா என்பதுதான் இங்கே கேள்வி. அந்த வித்தியாசத்தைத்தான் படம் கெடுக்கிறது. மஞ்சள் வெளிச்சம் ஒரு நிறத்தைச் சேர்க்கும், போன் தன்பாட்டில் நிறத்தைத் திருத்தும், வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். ஏழு மணித்தியாலம் கழித்துப் பிடித்த படத்தைப் பார்த்து "ஆம்" என்றவரும் பிழை, "இல்லை" என்ற நாங்களும் பிழை. "அக்கா, எத்தனை மணிக்கு நனைத்தீர்கள்? புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பாருங்கள்" என்பது மட்டுமே சரியான பதில்.

எங்கள் பேச்சை நம்பி, அந்தத் தங்கச்சி வழமைபோல மலைக்கு ஏறினார். அடிவயிறு ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தது. மாதம் வரப் போகிறது என்று நினைத்து, கடையில் வலி மாத்திரை வாங்கி இரண்டு நாள் விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை மனம் கேளாமல், வீட்டிலிருந்த இன்னொரு ஸ்ட்ரிப்பை எடுத்தார். இந்த முறை இரண்டு கோடும் வரவில்லை. கோடு இல்லையென்றால் பிள்ளையும் இல்லை என்று நினைத்தார். அப்படி இல்லை. 'C' கோடு கர்ப்பத்தைச் சொல்கிற கோடு அல்ல. சிறுநீர் மேலே வரை ஏறியது, ஸ்ட்ரிப் வேலை செய்தது என்று அது சாட்சி சொல்கிறது. சாட்சி வராவிட்டால் வழக்கே நடக்கவில்லை. 'T' யில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஏன் செல்லாமல் போனது? விசாரித்தோம். பைக்கற்றை இரண்டு வாரத்துக்கு முன்பே கிழித்துப் பார்த்துவிட்டு, அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருந்தார். நம் லயத்தில் உப்பே கசிகிறது, ஸ்ட்ரிப் என்ன செய்யும்? உள்ளே சிறு பொட்டலம் போடுவதே ஈரத்தை உறிஞ்சத்தான். நனைக்கப் போகிற நேரத்தில்தான் பைக்கற்றைக் கிழிக்க வேண்டும். காலாவதித் திகதி முடிந்திருந்தாலும், சிறுநீர் போதாமல் இருந்தாலும், 'MAX' கோட்டுக்கு மேலே முக்கினாலும் இப்படிக் கெட்டுப் போகலாம்.

அன்றைக்கே புது ஸ்ட்ரிப் வாங்கி, சனிக்கிழமை விடிய, தேத்தண்ணி குடிக்கும் முன் முதல் சிறுநீரில் பார்த்தார். இரண்டு மூன்று கோப்பை பிளேன்டீ குடித்த பிறகு பார்த்தால் ஹோர்மோன் தண்ணீராகி, வர வேண்டிய கோடும் வராமல் போகலாம். இந்த முறை போனில் மணி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாலாவது நிமிடம் 'T' யில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு. ஆரம்ப நாட்களில் இந்த ஹோர்மோன் ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். திங்கட்கிழமை பார்த்தபோது கோடு நன்றாகத் தெரிந்தது.

அன்று பின்னேரம் மிட்வைப் மிஸ்ஸிடம் போனார். மிஸ் கோட்டைப் பார்க்கவில்லை. "வயிறு எங்கே வலிக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டார். ஒரு பக்கம் என்றதும், அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் பிள்ளை தங்கினாலும் ஸ்ட்ரிப்பில் கோடு வரும். எங்கே தங்கியது என்று எந்தக் கோடும் சொல்லாது. குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் கொட்டி, தாயின் உயிரே போகும். ஆகவே மாதம் தள்ளியவருக்கு ஒரு பக்க வயிற்று வலி, இரத்தப் போக்கு, தலைசுற்றி விழுதல், தோள்பட்டை வலி இவற்றில் எது வந்தாலும், ஸ்ட்ரிப் என்ன காட்டினாலும் அடுத்த ஸ்ட்ரிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. இரவென்றாலும் லொறியோ முச்சக்கரவண்டியோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் கிடைக்காவிட்டால் தலைவரின் கதவைத் தட்டுங்கள்.

அந்தத் தங்கச்சிக்கு முதல் ஸ்கேனில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. இரத்தம் சோதித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். பிள்ளை கர்ப்பப்பைக்குள்ளேதான் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவர் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. எங்களுக்கும் தூக்கமில்லை.

இன்னொன்று. வேலை இலேசாகக் கேட்கப் போனபோது, "ஸ்ட்ரிப் படத்தைக் காட்டு" என்று சில மலைகளில் கேட்கிறார்களாம். காட்டாதீர்கள். கிளினிக்கில் பதிந்து கர்ப்பிணித் தாய்மார் கார்டு கையில் வந்துவிட்டால் அதுவே போதும். கேட்டவரின் பெயரை எங்களிடம் சொல்லுங்கள்.

குழுவில் இனி இந்தப் படங்களுக்கு நாங்கள் "ஆம், இல்லை" எழுதப் போவதில்லை. மிட்வைப் மிஸ்ஸுக்கு மட்டும் அனுப்பலாம். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்து, நனைத்த நேரமும் பார்த்த நேரமும் எழுதி அனுப்புங்கள். மிஸ்ஸின் இலக்கம் பிள்ளைக் காம்பராக் கதவில் ஒட்டியிருக்கிறது. போகும்போது குறித்துக்கொள்ளுங்கள்.